கருப்பு கிரானைட் படியின் விளிம்பு அம்மாவுக்குத் தெரியவில்லை: சிவப்புப் பட்டை ஏன் உதவவில்லை?

மதுரை செந்தில்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடிப்படி முழுவதும் பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட். கீழ்க்கூடத்துத் தரையும் அதே கல்தான். அம்மாவுக்கு 76 வயது. வலது கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது. இடது கண்ணுக்கு, சர்க்கரை அளவு இறங்கட்டும் என்று மருத்துவர் தள்ளி வைத்திருக்கிறார். சென்ற மாதம் மாலையில் மாடியிலிருந்து இறங்கும்போது, இன்னும் ஒரு படி இருப்பது தெரியாமல், தரை வந்துவிட்டது என்று எண்ணிக் காலை வைத்து முழங்கால் ஊன்றி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை என்பதுதான் ஆறுதல்.

சிவப்புதானே எச்சரிக்கையின் நிறம் என்று எண்ணி, மறுநாளே ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஓர் அங்குல அகலமுள்ள சிவப்பு டேப் ஒட்டினேன். பகலில் எனக்கு நன்றாகத் தெரிகிறது. அம்மாவோ, "காலையில் கொஞ்சம் தெரிகிறது, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒன்றுமே இல்லை" என்கிறார். வேறு எந்த நிறம் ஒட்டலாம்? கூடவே இன்னொன்று: கூடத்தின் சுவரும் சுவிட்சும் வெள்ளை. அதையும் தடவித்தான் கண்டுபிடிக்கிறார்.

கவிதா, திருச்சி

செந்தில் அவர்களே, சிவப்பை எடுத்துவிட்டு ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். லாரியின் பின்னால் ஒட்டியிருப்பார்களே, அதே வகைதான். இருட்டிலும் தகதகவென்று மின்னும். என் அண்ணன் தன் வீட்டுப் படிகளில் ஒட்டி, கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். படிகள் நெருப்புக்கோடு போட்டது போல இருந்தன. சாதாரண நிறங்களை விட அதுவே மேல் என்பது என் கருத்து.

வாசுகி (குறைபார்வைப் பிரிவு, ஓய்வு)

கண் மருத்துவமனை ஒன்றின் குறைபார்வைப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவள் என்ற முறையில் சில சொல்கிறேன்.

முதலில் சிவப்பு. மாலை மங்கியதும் தோட்டத்துச் செம்பருத்தியைப் பாருங்கள். இலையின் வெளிர்மை இன்னும் தெரிந்துகொண்டிருக்கும்போதே பூ கருத்துவிடும். வெளிச்சம் குறையும்போது நம் கண் வேறு வகைச் செல்களைக் கொண்டு பார்க்கத் தொடங்குகிறது. அந்தச் செல்கள் சிவப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை. ஆகவே உங்கள் அம்மா சொல்வது மிகச் சரி: விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த டேப் அவருக்குக் கருப்புக் கல்லின் மீது ஒட்டிய கருப்பு டேப். பகலில்கூட அடர்சிவப்பு நாம் எண்ணுவது போல வெளிச்சமான நிறமன்று. நமக்கு அது எடுப்பாகத் தெரிவது அதன் சாயலால். வயதான கண்ணுக்கு அந்தச் சாயல் வேறுபாடுகளைப் பிரித்தறிவது கடினமாகிறது.

எனவே "எந்த நிறம்" என்று கேட்பதை விட, "கல்லை விட எவ்வளவு வெளுப்பு" என்று கேட்பது நல்லது. ஒரு பரப்பு தன் மீது விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு 0 முதல் 100 வரை ஓர் அளவு உண்டு. சில பெயின்ட் நிறங்களின் விவரத்தில் எல்ஆர்வி என்று குறித்திருப்பார்கள். அருகருகே உள்ள இரு பரப்புகளுக்கு இடையே குறைந்தது 30 புள்ளி வேறுபாடு வேண்டும் என்பது பிரிட்டிஷ் கட்டட வழிகாட்டிகளின் கணக்கு. கருப்பு கிரானைட் ஏறத்தாழ 5 என்றால் அடர்சிவப்பு 10 முதல் 15 வரைதான் வரும். வெள்ளை 80-ஐத் தாண்டும். நல்ல மஞ்சள் 60, 70 அளவில் நிற்கும். உங்கள் படிக்கு வெள்ளையும் மஞ்சளும் பொருந்துவதற்கு அதுவே காரணம். இதே மஞ்சளை வெளிர் டைல்ஸ் படியில் ஒட்டினால் ஒரு பயனும் இராது. அங்கே அடர்பழுப்போ கருப்போ வேண்டும்.

கவிதா அவர்களே, ரேடியம் ஸ்டிக்கர் தானாக ஒளிர்வதில்லை. விளக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கே ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. லாரிக்குப் பின்னால் வரும் வாகனத்தின் விளக்கும் ஓட்டுநரின் கண்ணும் ஏறத்தாழ ஒரே திசையில் இருப்பதால் அங்கே மின்னுகிறது. உங்கள் அண்ணன் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்திருப்பார். கூரையில் விளக்கு எரியும் வீட்டில், படியிறங்கும் பாட்டியின் கண்ணுக்கு அந்த ஒளி வந்து சேராது. பெரும்பாலும் ஒரு சாம்பல் பட்டையாகத்தான் தெரியும்.

கவிதா, திருச்சி

நீங்கள் சொன்ன பிறகு அண்ணனிடம் கேட்டேன். ஃபிளாஷ் போட்டுத்தான் எடுத்தாராம். ஆனால் அது வெள்ளை நிற ரேடியம். ஆகவே பகலில் நன்றாகவே தெரிகிறது என்கிறார். இருட்டில் தானாகவே பச்சையாக ஒளிரும் டேப்பும் ஒன்று இருக்கிறதே, அது என்ன கணக்கு?

வாசுகி (குறைபார்வைப் பிரிவு, ஓய்வு)

அது வேறு பொருள். வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் விடுவது. விளக்கை அணைத்த சில நிமிடங்களுக்கு நன்றாக இருக்கும். பிறகு மங்கிக்கொண்டே போகும். பகல் முழுவதும் அரை இருட்டாக இருக்கும் படிக்கட்டில் அது வாங்கி வைக்கும் ஒளியும் குறைவு. மின்சாரம் போன உடனே இறங்க உதவுமே தவிர, நள்ளிரவு இரண்டு மணிக்கு நம்ப முடியாது.

கொத்தனார் முருகேசன்

முப்பது ஆண்டுகளாகப் படிக்கட்டு வேலை செய்கிறேன். டேப் எல்லாம் ஆறு மாதத்தில் உரிந்துவிடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் படியின் முன்பக்கம் மெஷினால் மூன்று க்ரூவ் வெட்டி, அதில் வெள்ளை சிமென்ட் அடைத்துவிடலாம். வழுக்கவும் வழுக்காது, கோடும் தெரியும். பல வீடுகளில் செய்து கொடுத்திருக்கிறேன். அல்லது முன் இரண்டு அங்குலத்தைப் பாலிஷ் இல்லாமல் கொத்தி விடலாம். கருப்புக் கல்லைக் கொத்தினால் வெளுத்துச் சாம்பலாகிவிடும்; தனியாக நிறம் அடிக்க வேண்டிய வேலையே இல்லை.

வாசுகி (குறைபார்வைப் பிரிவு, ஓய்வு)

முருகேசன் ஐயா, வழுக்காமல் இருப்பதற்கு உங்கள் இரு வழிகளும் நல்லவை. கண்ணுக்குத்தான் சில சிக்கல்கள் உண்டு. க்ரூவ் ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். புரையுள்ள கண்ணுக்கு மூன்று மெல்லிய வெள்ளைக் கோடுகளும் இடையிலுள்ள கருப்பும் கலந்து ஒரு மங்கிய சாம்பலாகிவிடுகின்றன. கோடுகள் தனித்தனியே தெரிந்துவிட்டாலும், மூன்றில் எது படியின் முடிவு என்ற குழப்பம் வரும். 5 செ.மீ. அளவில் அடர்த்தியான ஒரே பட்டை வேண்டும். மேற்சொன்ன பிரிட்டிஷ் வழிகாட்டி பொதுக் கட்டடங்களுக்கு மிதிக்கும் பரப்பில் 50 முதல் 65 மி.மீ. வரை சொல்கிறது. செந்தில் ஒட்டிய ஓர் அங்குலமும் போதாது.

கொத்தி வெளுக்க வைப்பது அழகான யோசனை. ஆனால் ஈரத்துணியால் துடைத்தவுடன் கொத்திய இடம் மறுபடியும் கருத்துவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது?

கொத்தனார் முருகேசன்

உண்மைதான். தண்ணீர் பட்டால் கருக்கும், காய்ந்தால் வெளுக்கும். எண்ணெய்ப் பிசுக்கு பட்டுவிட்டால் காய்ந்தாலும் கருப்பாகவே நிற்கும். அந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. அப்படியானால் கொத்திய இடத்தின் மேல் வெள்ளை எப்பாக்ஸி பெயின்ட் அடிக்கலாம். கொத்திய கல்லில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். பாலிஷ் கல்லின் மேல் நேராக எனாமல் அடித்தவர்கள் எல்லோரும் அது தகடு தகடாக உரிந்து போனதைத்தான் பார்த்திருக்கிறார்கள். பெயின்ட் காய்வதற்கு முன் மெல்லிய மணலைத் தூவிவிட்டால் பிடிப்பும் இருக்கும், பளபளப்பும் இருக்காது.

நல்லூரான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பிரச்சினை படி அல்ல, கதவு. ஐயாவுக்கு 81 வயது, கண்ணில் குளுக்கோமா. அறைக் கதவு பாதி திறந்து நின்றால் அதன் விளிம்பு அவருக்குத் தெரிவதில்லை. இரு தடவை நெற்றியில் அடிபட்டுவிட்டது. கதவுக்கு வெள்ளை, சுவருக்கு இளங்கிரீம். கதவுக்கு வடிவான கடும் பச்சை அடிக்கச் சொல்கிறார் என் தம்பி. அடித்தால் சரியாகுமா?

ஒளிவிளக்கு பாலு

இவ்வளவு பேச்சே தேவையில்லை. படிக்கட்டிலும் அறையிலும் இரவு முழுவதும் எரியும்படி நீல நிற ஜீரோ வாட் பல்பு போடுங்கள். நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சி. என் மாமனார் வீட்டில் அதுதான் எரிகிறது; எனக்கு நன்றாகவே தெரிகிறது.

வாசுகி (குறைபார்வைப் பிரிவு, ஓய்வு)

பாலு அவர்களே, உங்களுக்குத் தெரிகிறது, மாமனாரைக் கேட்டீர்களா? வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, புரை முற்றினால் பழுப்பாகவே ஆகிவிடுகிறது. மஞ்சள் கண்ணாடி வழியாக நீல விளக்கைப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவருக்கு அந்த அறை இருக்கும். இதே காரணத்தால் அடர்நீலப் பட்டையும் கருப்புக் கல்லும் முதியவர்களுக்கு ஒன்றாகத் தெரியும். நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவதும் கடினம். இரவு விளக்கு வேண்டியதுதான். ஆனால் மஞ்சள் கலந்த வெள்ளை ஒளியாக, பல்பு கண்ணில் நேரே படாதபடி கால்மட்டத்தில் இருக்கட்டும்.

நல்லூரான், கதவு முழுவதும் நிறம் மாற்றுவதற்கு முன் ஐயாவின் இடத்தில் நின்று பாருங்கள். கதவு அவரை நோக்கி விளிம்பு காட்டி நிற்கும்போது அதன் இரு முகங்களும் அவருக்குத் தெரிவதில்லை. தெரிவதெல்லாம் ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள அந்த விளிம்பும் அதற்குப் பின்னாலுள்ள சுவரும்தான். பூட்டு பொருந்தும் அந்த விளிம்பை மட்டும், மேலிருந்து கீழ்வரை, பளபளப்பில்லாத அடர்பழுப்பில் அடித்தால் வெளிர்ச் சுவருக்கு எதிரே ஒரு கருங்கோடு போல நிற்கும். கடும் பச்சையும் அங்கே வேலை செய்யும். அது பச்சை என்பதால் அன்று, கடுமை என்பதால்.

நல்லூரான்

பகலில் அது சரி என்று விளங்குகிறது. ஆனால் கதவுக்குப் பின்னால் இரவில் இருட்டு விறாந்தை அல்லவா இருக்கிறது? இருட்டுக்கு முன்னால் கருங்கோடு எப்படித் தெரியும்?

வாசுகி (குறைபார்வைப் பிரிவு, ஓய்வு)

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். அங்கே தெரியாது. கண் மட்டத்தில் ஒரு சாண் வெள்ளை, ஒரு சாண் பழுப்பு என்று மாற்றி மாற்றி அடித்தால் பின்னணி எதுவானாலும் ஏதாவது ஒன்று தெரியும் என்று சிலர் செய்வதுண்டு. ஒடுங்கிய விளிம்பில் அது எல்லோருக்கும் பயன்பட்டதாக என்னால் உறுதி கூற முடியாது. குளுக்கோமாவில் பக்கப் பார்வையே சுருங்கிவிடுவதால், நிறம் எதுவானாலும் விளிம்பு அவர் பார்க்கும் வட்டத்துக்கு வெளியே நிற்கக்கூடும். என் முதல் யோசனை நிறமே அன்று: சுவரில் கொக்கியோ காந்தமோ வைத்துக் கதவை முழுதாகத் திறந்து மாட்டுங்கள், இல்லையேல் முழுதாகச் சாத்துங்கள். பாதி திறந்த கதவுதான் எதிரி.

செந்தமிழ்ச்செல்வி

ஒரு சிறு குறிப்பு. எங்கள் ஊர்க் கோயில் மதிலிலும் குளத்துப் படிகளிலும் வெள்ளைச் சுண்ணாம்பும் காவியும் மாற்றி மாற்றிப் பட்டையடிப்பார்களே, மங்கல் வெளிச்சத்திலும் படி எண்ணி இறங்க அது எவ்வளவு உதவுகிறது என்று இந்த இழையைப் படித்த பிறகுதான் கவனித்தேன். காவி கருத்துப் போனாலும் பக்கத்திலுள்ள சுண்ணாம்பு வெளுப்பாகவே நிற்கிறது. வீட்டு நிலைப்படியிலும் அதேபோல வெள்ளைப் பட்டை அடிக்கலாமா? மாமியாருக்கு நிலைப்படி அடிக்கடி இடறுகிறது.

வாசுகி (குறைபார்வைப் பிரிவு, ஓய்வு)

நிலைப்படி உண்மையில் உயர்ந்து நிற்கிறது என்றால் அடிக்கலாம். ஏற்றத்தாழ்வே இல்லாத தரையில் மட்டும் பட்டை வேண்டாம். சமதரையில் குறுக்கே ஒரு கோடு கண்டால், அதைப் படி என்று எண்ணிக் காலை உயர்த்துவார்கள். வெளிர்த் தரையில் கருப்பு மிதியடி கிடந்தால் பள்ளம் என்று எண்ணித் தயங்கி நிற்பார்கள். நினைவு மங்கியவர்களிடம் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மதுரை செந்தில்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அகலம் 5 செ.மீ., பளபளப்பில்லாத, சொரசொரப்பான வெள்ளை டேப் வாங்கினேன். முதலில் 16 படி என்று எண்ணி அளந்தேன். மாடித் தரையின் விளிம்பும் ஒரு படிதான் என்பது ஒட்டத் தொடங்கிய பிறகே உறைத்தது. ஆக 17 விளிம்பு, ஒவ்வொன்றும் 90 செ.மீ., மொத்தம் 15 மீட்டருக்குச் சற்று மேல். ஐந்து மீட்டர்ச் சுருள் மூன்று வாங்கியிருந்ததால் போதாமல் மீண்டும் கடைக்குப் போக வேண்டியதாயிற்று.

இப்போது ஒரு புதிய விந்தை. மாலை விளக்கில் அம்மாவுக்குப் பட்டைகள் நன்றாகத் தெரிகின்றன. ஆனால் காலை ஒன்பது மணியளவில், நடுத்தளத்துச் சன்னலைப் பார்த்தபடி இறங்கும் முதல் ஏழு படிகளில், "வெள்ளையைக் காணோம்" என்கிறார். கல்லும் வெள்ளை, டேப்பும் வெள்ளை என்கிறார். புரை முற்றிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

வாசுகி (குறைபார்வைப் பிரிவு, ஓய்வு)

பயப்பட வேண்டாம், அம்மா உள்ளதைச் சொல்கிறார். அந்த நேரத்தில் நீங்களே மேற்படியில் நின்று, கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பாருங்கள். பாலிஷ் போட்ட கருங்கல் கண்ணாடியாகி, சன்னல் வெளிச்சத்தை அப்படியே காட்டிக்கொண்டிருக்கும்; அந்தக் கோணத்தில் உங்கள் கருப்புக் கல் வெள்ளைக் கல். புரையுள்ள கண்ணில் அந்தக் கூச்சம் இன்னும் சிதறிப் பரவும். சன்னலின் கீழ்ப்பாதிக்கு மெல்லிய திரை போட்டு ஒரு நாள் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்த ஏழு படிகளில் மட்டும் மஞ்சளுக்கு மாற்றிப் பார்க்கலாம். கல் வெள்ளையாக மின்னும்போது மஞ்சளாவது வேறுபடும் என்று ஒரு சாரார் சொல்வர். மஞ்சளேறிய வில்லைக்கு வெள்ளையும் மஞ்சளும் நெருங்கித் தெரியும் என்பதால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

கைப்பேசியில் கருப்பு வெள்ளைப் படம் எடுத்துச் சோதிக்கலாம். ஃபிளாஷையும் இரவு முறையையும் அணைத்துவிட்டு, அம்மாவின் கண் உயரத்தில், மேலிருந்து கீழ்நோக்கி, அவர் தடுமாறும் அதே நேரத்தில் எடுங்கள். சாயல் போய்விட்ட அந்தப் படத்தில் விளிம்பு தெரியாவிட்டால் அவருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் அவருக்கும் தெரியும் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். கைப்பேசிக்குப் புரை இல்லை.

கொத்தனார் முருகேசன்

செந்தில் தம்பி, டேப்பை எங்கே ஒட்டினீர்கள்? உங்கள் கல்லில் விளிம்பு உருண்டையான மோல்டிங்கா?

மதுரை செந்தில்

ஆமாம் ஐயா, உருண்டை மோல்டிங்தான். வளைவின் மீது டேப் நிற்காது என்று, விளிம்பிலிருந்து மூன்று செ.மீ. உள்ளே தள்ளி ஒட்டினேன்.

வாசுகி (குறைபார்வைப் பிரிவு, ஓய்வு)

அதைத் திருத்திவிடுங்கள். இறங்குகிறவர் பட்டையின் முன்கோட்டைத்தான் படியின் முடிவு என்று எடுத்துக்கொள்கிறார். அது மூன்று செ.மீ. உள்ளே இருந்தால் அவர் மனத்தில் படி அந்த அளவு குறுகிவிடுகிறது. கால் வைக்கும் கணக்கும் பிசகுகிறது. வளைவு தொடங்கும் இடம் வரை பட்டை வந்தாக வேண்டும். முடிந்தால் வளைவின் மீதும் முருகேசன் ஐயா சொன்ன எப்பாக்ஸியை அடியுங்கள். அப்போது ஏறும்போதும் தெரியும். படியின் நிமிர்ந்த முகத்தில் மட்டும் ஒட்டுவது வேண்டாம். இறங்குகிறவர் கண்ணுக்கு அந்த முகம் படவே படாது.

அம்மா இரட்டைக் குவியக் கண்ணாடி அணிகிறாரா? அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. படியைக் குனிந்து பார்க்கும்போது அதன் வழியாகப் பார்த்தால் எந்தப் பட்டையும் கலங்கும்.

மதுரை செந்தில்

அதே கண்ணாடிதான். இறங்கும்போது தலையைத் தாழ்த்தி மேல்பகுதி வழியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கும்போது செய்கிறார். தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி வாங்கலாமா என்பதை இரண்டாவது அறுவைக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறேன். திரை போட்ட பிறகு ஏழில் ஐந்து படிகள் தெளிவாகிவிட்டன. சன்னலுக்கு அருகிலுள்ள இரண்டு மட்டும் இன்னும் மினுங்குகின்றன. அந்த இரண்டின் முன்விளிம்பைக் கொத்தி எப்பாக்ஸி அடிக்க அடுத்த வாரம் ஆள் வருகிறார்.

சுவிட்ச் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தீபாவளிக்குச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்தோம். அதற்கு முன்பு அம்மா சுவிட்சைத் தேடியதாக எனக்கு நினைவே இல்லை. பழைய படம் ஒன்றைப் பார்த்தபோதுதான் புரிந்தது: பலகையைச் சுற்றி, குறிப்பாக இடப்பக்கம், பல ஆண்டுகள் கைபட்டுப் பழுப்பேறிய ஒரு வட்டம் இருந்திருக்கிறது. அழுக்கு என்று நாங்கள் அழித்தது அவருடைய அடையாளத்தை.

வாசுகி (குறைபார்வைப் பிரிவு, ஓய்வு)

அந்த வட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பலகையைச் சுற்றிச் சுவரில் இரண்டு செ.மீ. அகலத்துக்கு அடர்பழுப்போ கரும்பச்சையோ அடித்தால் போதும். சுவிட்சின் மீதும் இடுக்குகளிலும் பெயின்ட் படக்கூடாது. மினுமினுக்கும் உலோகத்தாள் டேப்பை மின்பலகை அருகே ஒட்டவே கூடாது. எல்லாப் பலகைகளுக்கும் அடிக்காமல், படிக்கட்டு, குளியலறை, படுக்கை அருகே உள்ள மூன்றுக்கு மட்டும் அடியுங்கள். எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டால் எது எது என்று மறுபடியும் தேடுவார். படிக்கட்டு விளக்குக்கு மட்டும், அணைந்திருக்கும்போது சிறு விளக்கு எரியும் இண்டிகேட்டர் சுவிட்சாக மாற்றுவது நல்லது. இருட்டில் பழுப்புக் கட்டமும் தெரியாது.

மதுரை செந்தில்

கட்டம் அடித்தாயிற்று. நேற்று அம்மா தடவாமல் நேராகக் கை வைத்தார், விசிறி சுழன்றது. நான்கு சுவிட்சும் ஒரே வெள்ளை என்பதால் விளக்கு எது, விசிறி எது என்பது தெரியவில்லை. விளக்குச் சுவிட்சை மட்டும் வேறு நிறத்தில் வாங்கி மாட்ட முடியுமா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டிருக்கிறேன்.